தொடாமல் பதிந்த வருகை

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் 'படிக்கட்டு' என்று பட்டப்பெயர் வைத்தவன் யாராக இருந்தாலும் விவரமானவன். லிஃப்ட் ஓடாத இடத்துக்குத்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். ஆக, ஊரெல்லாம் லிஃப்டில் போக, அதைப் பழுது பார்க்கிறவர் மட்டும் ஒன்பது மாடியானாலும் பன்னிரண்டு மாடியானாலும் நடந்துதான் ஏற வேண்டும். பதினாறு வருஷமாக ஏறிக்கொண்டிருந்த படிக்கட்டுக்கு உடம்பில் கொழுப்பு என்று ஒரு சொட்டு கிடையாது.

அந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் ஆப் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். மெக்கானிக்குகள் அவளை சாஃப்ட்வேர் மேடம் என்பார்கள். படிக்கட்டு மட்டும் தங்கச்சி என்று கூப்பிடுவார். அதற்குக் காரணம் உண்டு.

நான்கு மாதத்துக்கு முன்னால், மெக்கானிக்குகள் கட்டடத்துக்குப் போனார்களா இல்லையா என்பதை நோட்டில் கையெழுத்து வாங்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஒரு என்.எஃப்.சி. டேக் ஒட்டுவது என்று முடிவானது. வட்ட ஸ்டிக்கர், உள்ளே நூல் மாதிரி செம்புச் சுருளும் கடுகளவு சில்லும். பேட்டரி இல்லை. போனைக் கிட்டே கொண்டுபோனால் போனிடமிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு, தன்னிடம் எழுதியிருப்பதைச் சொல்லும். அவள் ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதினாள். முதல் வரி, கட்டடத்தின் எண். இரண்டாவது, கம்பெனி ஆப்பின் பெயர்; வேறு எந்த ஆப்பும் குறுக்கே வராமல் போன் நேராக அதையே திறப்பதற்கு. மெக்கானிக் திரையைத் திறந்து போனை ஸ்டிக்கரில் வைக்க வேண்டியதுதான். ஆப் தானாகத் திறக்கும், பச்சை டிக் வரும், வருகை பதிவாகிவிடும்.

நாற்பத்திரண்டு கட்டடத்திலும் ஒட்டுவதற்கு அவளுக்குத் துணையாகப் போனவர் படிக்கட்டு. முதல் கட்டடத்திலேயே வேலை மக்கர் செய்தது. மேஜையில் போன் அழகாகப் படித்த ஸ்டிக்கர், கண்ட்ரோல் பெட்டியின் இரும்புக் கதவில் ஒட்டியதும் ஊமையாகிவிட்டது. அவள் போனை மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தாள்.

"இரும்பு அதோட பேச்சை முழுங்கிடுது போல, தங்கச்சி" என்றவர், கீழே கிடந்த ஒரு பலகைத் துண்டை எடுத்து, கதவில் திருகு வைத்து முடுக்கி, அதன்மேல் ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னார். போன் உடனே அதிர்ந்தது. அன்று முதல் அவர் பையில் பலகைத் துண்டுகளோடு வந்தார். எழுதும்போது கை ஆடினால் பாதியில் அறுந்துபோகும் என்பதால், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை வைத்திருப்பாள். அவர் பக்கத்தில் நின்று, "குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி வைக்கிறியே" என்று சிரிப்பார். கடைசி நாள், எங்காவது பிய்ந்துபோனால் மாற்ற இருக்கட்டும் என்று இரண்டு வெற்று ஸ்டிக்கர்களை அவளே அவர் கையில் கொடுத்தாள்.

"பிஞ்சா போன் பண்ணுங்கண்ணே. நான் வந்து எழுதித் தர்றேன்."

அவர் அவற்றைத் தன் கருவிப் பையின் பக்கவாட்டு உறையில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. புது மோட்டார் மாட்டிய ஒரு குடியிருப்பில் மாலை ஐந்து மணிக்கு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண், நாற்பது நிமிஷம். அந்தப் பெண்ணின் கணவன் மறுநாள் காலை கம்பெனிக்கே வந்து சத்தம் போட்டான். புது மோட்டார் மாட்டினால் முதல் வாரம் காலையும் மாலையும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த வாரம் அது படிக்கட்டின் பொறுப்பு. பதிவைத் திறந்து பார்த்தார்கள். காலை பத்து இருபதுக்கு ஒரு வருகை. மூன்று ஐம்பதுக்கு இன்னொன்று. எல்லாம் சரி. ஆனால் அங்கிருந்த வாட்ச்மேன் ஆணியடித்த மாதிரி சொன்னான், காலைக்குப் பிறகு லிஃப்ட் நிற்கும்வரை யாரும் வரவில்லை என்று.

மேனேஜர் படிக்கட்டைக் கூப்பிட்டார். அவளையும் கூப்பிட்டார். இன்னும் ஐந்து மெக்கானிக்குகளும் ஸ்டோர் கீப்பரும் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

"மூணு அம்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"ஸ்டோர்ல சார். அந்த லிஃப்டுக்குத்தான் கதவு ரோலர் வரணும்னு மத்தியானத்துலேர்ந்து காத்துக்கிட்டிருந்தேன். வாங்கிட்டு நேரா அங்கதான் போறதா இருந்தேன்."

ஸ்டோர் கீப்பர் தலையை ஆட்டினார். "ஆமா சார். அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருந்தாரு."

அவரைக் காப்பாற்ற வேண்டிய சாட்சியே அவர் கழுத்தில் கயிறாக விழுந்தது. ஸ்டோரில் இருந்தவருடைய வருகை எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த மோட்டார் அறையில் எப்படிப் பதிவாகும்? மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆப் தப்பா காட்டுமா?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஸ்டிக்கரைத் தொடாம பதிவே ஆகாது சார். வேற வழியே அதுல கிடையாது."

"நான் பார்ட் நம்பர் பாக்கறதுக்கு ஆப்பைத் திறந்தேன்" என்றார் படிக்கட்டு. "அப்ப பச்சை டிக் வந்துச்சு. அது அடிக்கடி வர்றதுதானேன்னு விட்டுட்டேன்."

"திறந்தா வராதுண்ணே. தொட்டாத்தான் வரும்."

"அப்ப எப்படித்தான் நடந்திருக்கும்?" என்றார் மேனேஜர்.

இந்த இடத்தில் அவளுக்கு ஓர் உற்சாகம் வந்தது. பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது அந்த உற்சாகத்தை எண்ணித்தான். தெரிந்ததைச் சொல்லிக் காட்ட எட்டுப் பேர் பார்வை கிடைத்தால் யாருக்குத்தான் நாக்கு சும்மா இருக்கும். தன் மேஜையிலிருந்து மாதிரி டேக் ஒன்றையும் ஒரு வெற்று ஸ்டிக்கரையும் எடுத்து வந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஓர் ஆப்பில் மாதிரி டேக்கைப் படித்தாள். அதிலிருந்த இரண்டு வரிகளும் திரையில் வந்தன. அதே வரிகளை வெற்று ஸ்டிக்கரில் எழுதினாள். பத்து விநாடி. இப்போது புது ஸ்டிக்கரில் போனை வைத்ததும் கம்பெனி ஆப் திறந்துகொண்டு பச்சை டிக் காட்டியது.

"இவ்ளோதான் சார். இதைப் பையில போட்டுக்கிட்டா எங்க இருந்து வேணா வருகை போடலாம்."

யாரோ "அடேங்கப்பா" என்றார்கள். மேனேஜர் அந்த ஸ்டிக்கரை விரலில் ஒட்டிப் பார்த்தார். பிறகு படிக்கட்டைப் பார்த்து, "பையைக் கொட்டுங்க" என்றார்.

ஸ்பானர்கள், டெஸ்டர், கிரீஸ் டப்பா, பலகைத் துண்டுகள், ஒரு டிபன் டப்பா. பக்கவாட்டு உறையிலிருந்து இரண்டு வட்ட ஸ்டிக்கர்கள்.

படிக்கட்டு மேனேஜரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். கோபமாகவோ கெஞ்சியோ அல்ல. அடுத்த வார்த்தை அவளுடையது என்று காத்திருக்கிற பார்வை.

அவள் வாயைத் திறக்கவில்லை.

நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். போனை அந்த இரண்டிலும் வைத்துப் பார்த்திருந்தால், உள்ளே ஏதாவது எழுதியிருக்கிறதா, வெறுமையா என்று மூன்று விநாடியில் தெரிந்திருக்கும். போன் அவள் கையில்தான் இருந்தது. கொடுத்தது நான், ஆனால் அதில் என்ன எழுதினார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று மனம் உள்ளே ஒரு வக்கீலை நிறுத்தியது. கணக்கில்லாமல் ஸ்டிக்கரை எடுத்துக் கொடுத்தாயா என்று மேனேஜர் தன்மேல் பாய்வாரோ என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம்தான் பெரிது, வக்கீல் அதற்குப் பூசிய சுண்ணாம்பு.

படிக்கட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து ஸ்பானர்களைப் பையில் போடத் தொடங்கினார். ஸ்டிக்கர்களை மேனேஜர் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

"சரிங்க சார்" என்றார் படிக்கட்டு. வாசல்வரை போய்த் திரும்பி, "வரேன் மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து அவள் அந்தச் சொல்லைக் கேட்டது அதுவே முதல் தடவை.

அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, போலி ஸ்டிக்கர்களைத் தடுக்கிற வேலையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த ஓர் எண் உண்டு. எழுதியிருப்பதை நகல் எடுத்தாலும் அந்த எண் கூட வராது. ஆப் அதையும் சேர்த்துப் பதிந்தால் நகல் மாட்டிக்கொள்ளும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது, செய்யவில்லை.

சோதனைக்கு, ஸ்டோரில் கிடந்த ஒரு பழைய போனை வாங்கி வந்திருந்தாள். மாதிரி டேக்கைத் தொட்டாள், எண் பதிந்தது. டேக்கை டிராயரில் வைத்துவிட்டு, போனில் வேறு இரண்டு மூன்று வேலை பார்த்தாள், டீ குடித்துவிட்டு வந்தாள். சமீபத்தில் திறந்தவற்றின் வரிசையிலிருந்து கம்பெனி ஆப்பை விரலால் தட்டினாள்.

பச்சை டிக். வருகை பதிவானது.

டேக் பக்கத்தில் கிடக்கிறதோ என்று மேஜையைப் பார்த்தாள். டிராயரைத் திறந்தாள், அது உள்ளே இருந்தது. எடுத்துக்கொண்டுபோய் அறையின் மறுகோடியில் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு பெரிய ஆப்களைத் திறந்து போனைத் திணறவிட்டாள். மறுபடி வரிசையிலிருந்து தட்டினாள்.

பச்சை டிக்.

காரணம் புரிய நெடுநேரம் ஆகவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. ஸ்டிக்கரைத் தொட்டதும், அது சொன்னதை ஒரு சீட்டில் எழுதி, இந்தா என்று ஆப்பிடம் நீட்டுகிறது போன். ஆப் சீட்டைப் படித்து வருகையைப் பதிகிறது. ஆனால் போனில் இடம் நெருக்கடியானால் பின்னால் கிடக்கும் ஆப்பைப் போன் மூடிவிடும். பிறகு வரிசையிலிருந்து திறந்தால், கடைசியாக எதைக் கொடுத்துத் திறந்தோமோ அதே பழைய சீட்டை மறுபடி நீட்டும். இது பழைய சீட்டு, வரிசையிலிருந்து திறக்கிறார்கள் என்று ஒரு குறிப்பும் கூடவே இருக்கும். அந்தக் குறிப்பைப் பார்க்கும் வரியை ஆப்பில் அவள் எழுதவில்லை. சீட்டைக் கண்டால் வருகை, அவ்வளவுதான் அவள் எழுதியது.

அவளுடைய போன் புதியது, இடம் தாராளம். அதில் ஆப் லேசில் மூடாது. அதில்தான் எல்லாச் சோதனையும் செய்திருந்தாள். படிக்கட்டின் போன் விளிம்பு உடைந்த, மலிவான, நாலு வருஷப் பழசு. அன்று காலை பத்து இருபதுக்கு மோட்டார் அறையில் தொட்டிருக்கிறார். மத்தியானத்திலிருந்து ஸ்டோர். இடையில் எதையும் தொடவில்லை. மூன்று ஐம்பதுக்குப் பார்ட் நம்பர் பார்க்கத் திறந்திருக்கிறார். காலைச் சீட்டை மாலைச் சீட்டாக நினைத்து ஆப் பதிந்துவிட்டது.

அவர் அன்று சொன்னது இதைத்தான். வரிக்கு வரி இதையேதான்.

பழைய பதிவுகளைத் தோண்டினாள். ஒரே கட்டடத்துக்கு ஒரே நாளில் காரணமில்லாமல் இரண்டு வருகை என்று முப்பத்தொன்று இருந்தன. ஏழு மெக்கானிக்குகளுக்கும் இருந்தது. யாரும் சண்டை போடாததால் யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். சோதனைப் போனில் செய்தும் காட்டினாள். அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"அப்ப அவரு பண்ணல."

"இல்ல சார். என் தப்பு."

"சரி, வரச் சொல்லுங்க. சாஃப்ட்வேர்ல சின்னச் சிக்கல், சரி பண்ணியாச்சுன்னு சொல்லிடுங்க. பெருசு பண்ண வேணாம்."

ஸ்டிக்கர் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. படி இறங்கும்போதுதான், இரண்டாவது தடவையும் வாயை மூடிக்கொண்டோம் என்பது உறைத்தது.

மறுநாள் அவர் வந்தார். டீ மெஷின் பக்கத்தில் நின்று அவள் விளக்கினாள், பழைய சீட்டு, மூடிய ஆப், எல்லாவற்றையும். மன்னிப்பும் கேட்டாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"மெஷின் தப்பு பண்ணும் மேடம். பதினாறு வருஷமா அதைத்தானே பாக்கறேன். நல்ல ரிலே சுவிட்சும் ஒருநாள் ஒட்டிக்கும். எழுதினவங்களும் மனுஷங்கதான், ஒரு வரி விட்டுப்போகும். அதை நான் மனசுல வெச்சுக்கல."

அவள் நிம்மதியாக மூச்சு விடப்போன நேரத்தில் அவர் தொடர்ந்தார்.

"ஸ்டிக்கரு நீங்க குடுத்தது."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். மறந்துட்டீங்களோன்னு வீட்டுக்குப் போய் நினைச்சேன். மறந்திருந்தா பரவால்ல. மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று பொய் சொல்ல வழி இருந்தது. "மறக்கலண்ணே" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்க மெக்கானிக்குகள் எல்லாரும் கூடியிருந்தபோது, அவள் முன்னால் போய் நின்றாள். மேனேஜர் என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அவள் முதலில் ஆப்பின் பிழையைச் சொன்னாள். அது சுலபமாக வந்தது. பிறகு, "அண்ணன் பையில இருந்த ரெண்டு ஸ்டிக்கரும் நான் குடுத்தது. அது அன்னைக்கே எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லல" என்றாள். மேனேஜரிடம் டிராயரைத் திறக்கச் சொல்லி, இரண்டையும் எல்லார் முன்னாலும் போனில் வைத்தாள். இரண்டும் வெறுமை. ஓர் எழுத்து இல்லை.

ஒரு மெக்கானிக், "அப்ப எங்க ரெட்டை வருகையெல்லாம் இனிமே வராதா மேடம்?" என்று கேட்டார். வராது என்றாள். இப்போது ஆப், சீட்டு பழசா என்று முதலில் பார்க்கிறது, ஸ்டிக்கரின் எண்ணையும் பதிகிறது என்றாள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு கட்டடங்களின் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். அவர் முகம் சிவந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டு அவள் மேஜைக்கு வந்தார்.

"ஒரு உதவி மேடம். என் மச்சான், வீட்டுக்காரியோட அண்ணன், பஸ் ஸ்டாப் பக்கத்துல துணி தைக்கிறாரு. இங்க வேலை பாக்கற ஒருத்தர் அவர்கிட்ட சட்டை தைக்கக் குடுத்தப்போ விஷயம் போயிடுச்சு. அவரு முன்னாடி ஒருதடவை சொன்னீங்கன்னா போதும். நான் சொன்னா எடுபடல."

அன்று மத்தியானமே போனாள். ஒரு கதவு அகலத்துக்குக் கடை. மச்சான் கழுத்தில் அளவு நாடாவோடு, ஒரு காலர் துணியை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் யாரென்று சொன்னாள். எதற்கு வந்தேன் என்று சொன்னாள். அவர் மெஷினை நிறுத்தினார்.

"தொடாமயே பதிஞ்சுதா?"

"ஆமாங்க."

"அது எப்படி? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

வெட்டுமேஜையில் போனை வைத்து அவள் விளக்கினாள். பழைய ஆப் அந்தச் சோதனைப் போனில் இன்னும் இருந்தது. மாதிரி டேக்கை ஒருமுறை தொட்டுக் காட்டினாள். அதைத் தெருவில் நின்ற தன் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். போனைத் திணறவைத்து மறுபடி திறந்தாள். பச்சை டிக் வந்தது. மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தாள். இன்னும் ஒரு தடவை கேட்டார். அதையும் செய்தாள்.

பிறகு அவர் போனைப் பார்க்கவில்லை. வெட்டுமேஜையில் கிடந்த சாக்கட்டியை எடுத்து, காரணமில்லாமல் ஒரு கோடு இழுத்தார்.

"இதையேதாம்மா அவன் சொன்னான். ஆப்பைத் திறந்தேன், டிக் வந்துச்சுன்னு. இதே மேஜை பக்கத்துல நின்னுக்கிட்டு சொன்னான். போடா, திருட்டுப் பயலேன்னு சொல்லிட்டேன். என் தங்கச்சி முன்னாடி. ரெண்டு வாரமா அந்த வீட்டுப் பக்கம் போகல."

"நான் அப்படிச் சொன்னதாலதான் நீங்க—"

"நீங்க சொன்னது எட்டுப் பேர் முன்னாடி. நான் சொன்னது எங்க வீட்ல."

அவர் எழுந்து மெஷினை உறையால் மூடினார். ஷட்டரைப் பாதி இறக்கியவர், பகல் இரண்டு மணிக்குக் கடையை அடைக்கிறோமே என்று நினைத்துக்கொண்ட மாதிரி தெருவைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் என்ன அண்ணே இப்பவே என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

"நீங்க கிளம்புங்கம்மா. அவன் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் அங்க போய் உக்காந்திருக்கணும். அவன் வந்ததுக்கு அப்புறம் உள்ள நுழைய எனக்குத் தைரியம் வராது."

ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டிவிட்டு, நாடா கழுத்திலேயே தொங்க, அவர் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பாமல், அவர் பஸ் ஏறும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.